இருகிளை மரத்தின் விட்டம்: ஒரே சுற்றில் காண்பது எப்படி?

சிஜெப்பிலும் பல்கலைக்கழகத்திலும் கணனி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்குத் தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் தவறாமல் வரும் கணக்கு ஒன்றை இம்முறை எடுத்துக் கொள்கிறோம். விடையின் நிரலைப் பலர் மனப்பாடம் செய்து விடுகின்றனர். அது ஏன் சரியாக வருகின்றது என்று கேட்டால்தான் தடுமாறுகின்றனர். எனவே காரணத்தையே முதலில் பார்ப்போம்.

இருகிளை மரம் என்பது ஒவ்வொரு கணுவின் கீழும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என அதிகபட்சம் இரண்டு கணுக்கள் தொங்கும் அமைப்பு. மரம் என்று பெயர் இருந்தாலும் வேர் மேலே இருக்கும். இரண்டு கணுக்களுக்கிடையே உள்ள பாதையின் நீளம், அப்பாதையில் உள்ள இணைப்புக் கோடுகளின் எண்ணிக்கை. மரத்திலுள்ள பாதைகளுள் மிக நீண்டதன் நீளமே அதன் விட்டம்.

ஒரு கடதாசியில் இந்த மரத்தை வரைந்து கொள்ளுங்கள். வேர் அ. அதன் இடம் ஆ, வலம் இ. ஆவின் இடம் ஈ, வலம் உ. ஈயின் இடம் ஊ, ஊவின் இடம் எ. உவின் வலம் ஏ, ஏயின் இடம் ஐ. மொத்தம் ஒன்பது கணுக்கள்.

மிக நீண்ட பாதை வேரைக் கடந்துதான் போகும் என்று நினைப்பது இயல்பு. இங்கே வேர் வழியாகச் செல்லும் மிக நீண்ட பாதை எயில் தொடங்கி ஊ, ஈ, ஆ, அ வழியாக இயில் முடிகிறது. அதன் நீளம் 5. ஆனால் எயிலிருந்து ஊ, ஈ, ஆ, உ, ஏ வழியாக ஐக்குப் போனால் நீளம் 6. இப்பாதை வேரைத் தொடவேயில்லை. ஆகவே வேரில் மட்டும் நின்று கணக்கிட்டால் விடை பிழைத்துவிடும்.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருவோம். மரத்தில் எந்தப் பாதையை எடுத்தாலும் அதில் வேருக்கு மிக அண்மையிலுள்ள கணு ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதை அப்பாதையின் உச்சி என்போம். உச்சியிலிருந்து பாதை ஒரு பக்கம் இடப்புறமாக இறங்கும், மறுபக்கம் வலப்புறமாக இறங்கும். இறங்கிய பின் மீண்டும் ஏறாது. ஆகவே ஒரு கணுவை உச்சியாகக் கொண்ட பாதைகளுள் மிக நீண்டது, இடப்புறம் இறங்கக்கூடிய ஆழத்தையும் வலப்புறம் இறங்கக்கூடிய ஆழத்தையும் கூட்டிய தொகை. ஒவ்வொரு பாதைக்கும் ஒரே உச்சி இருப்பதால், எல்லாக் கணுக்களிலும் இந்தத் தொகையைக் கண்டு மிகப் பெரியதை எடுத்தால் எந்தப் பாதையும் விடுபடாது. விட்டம் அதுவே.

எனவே ஒவ்வொரு கணுவிலும் நமக்குத் தேவை இடது உயரமும் வலது உயரமும் மட்டுமே. வெறுமைக்கு உயரம் 0 என்றும், ஒரு கணுவின் உயரம் அதன் இரு பக்க உயரங்களுள் பெரியதுடன் 1ஐக் கூட்டியது என்றும் வைத்துக் கொள்வோம்.

இதனைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு கணுவிலும் நின்று உயரத்தைப் புதிதாக அளப்பது முதல் வழி. மரம் ஒரே சங்கிலியாக 1000 கணுக்கள் நீண்டிருந்தால் 1000, 999, 998 என்று இறங்கி மொத்தம் 500,500 தடவை கணுக்களைத் தொட வேண்டிவரும். பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் முதலாம் பக்கத்திலிருந்தே மீண்டும் கூட்டுவதற்கு இது ஒப்பாகும். கணக்கெழுதுபவர் எவரும் அப்படிச் செய்வதில்லை. பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்துக்குக் கொண்டு செல்கிறோம். இரண்டாவது வழியும் அதுவே. கீழுள்ள கணு தன் உயரத்தைக் கண்டு மேலே அனுப்புகிறது. மேலுள்ளது அதைக் கொண்டு தன் உயரத்தைக் காண்கிறது. ஒவ்வொரு கணுவையும் ஒரு தடவை பார்த்தாற் போதும்.

```
def diameter(root):
    best = 0
    def height(node):
        nonlocal best
        if node is None:
            return 0
        L = height(node.left)
        R = height(node.right)
        best = max(best, L + R)
        return 1 + max(L, R)
    height(root)
    return best
```

இங்கே `height` தன்னைத்தானே அழைக்கிறது. அது மேலே அனுப்புவது உயரத்தை; `best` என்ற இடத்தில் ஓரமாகக் குறித்து வைப்பது விட்டத்தை. இரண்டும் ஏன் வேறாக இருக்க வேண்டும்? இடமும் வலமும் இறங்கிய பாதை அந்தக் கணுவோடு முடிந்துவிட்டது. மேலுள்ள கணு அதனை நீட்ட முடியாது. நீட்டினால் பாதை மூன்றாகப் பிரியும். மேலே நீளக்கூடியது ஒரு பக்கம் மட்டும் இறங்கிய பாதையே. ஆகவே மேலே சொல்ல வேண்டியது உயரம் மட்டும்.

நமது மரத்தில் செய்து பார்ப்போம். எ உயரம் 1, ஊ 2, ஈ 3. மறுபுறம் ஐ 1, ஏ 2, உ 3. ஆவில் 3 + 3 = 6 என்று குறிக்கப்படுகிறது; ஆ மேலே அனுப்பும் உயரம் 4. இ உயரம் 1. வேரில் 4 + 1 = 5. ஏற்கெனவே குறித்த 6 பெரிது என்பதால் அதுவே நிற்கிறது.

அதிகம் காணப்படும் பிழை கடைசி வரியில் `1 + L + R` என்று எழுதுவது. அது உயரத்தை அல்ல, அக்கணுவின் கீழுள்ள மொத்தக் கணுக்களின் எண்ணிக்கையையே தரும். நமது மரத்தில் விடை 8 என்று வரும். எந்த மரத்தைக் கொடுத்தாலும் விடை கணுக்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவாகவே வருமானால் இப்பிழை உள்ளது என்று அறிந்து கொள்ளலாம். விடை 7 என்று வந்தால் கோடுகளுக்குப் பதிலாகக் கணுக்களை எண்ணியிருக்கிறீர்கள். தனிக் கணு ஒன்றுக்கு விட்டம் 0 வருகிறதா என்று பார்த்தால் இது உடனே தெரியும்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. அழைப்புகள் மரத்தின் உயரம் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். பைதன் மொழியில் அந்த அடுக்குக்குச் சாதாரணமாக விதிக்கப்பட்ட எல்லை 1000. எங்கள் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தின் லுக் டெவ்ரோய் 1986இல் நிறுவியதன்படி, தற்செயல் வரிசையில் எண்களை இட்டுக் கட்டிய தேடல் மரத்தின் உயரம், எண்ணிக்கையின் இயற்கை மடக்கையை ஏறத்தாழ 4.311ஆல் பெருக்கிய அளவை அண்மிக்கும். பத்து இலட்சம் எண்களுக்கும் அது 60ஐ எட்டாது. ஆனால் பற்றுச்சீட்டு இலக்கங்களைப் போல ஏறுவரிசையில் இட்டால் மரம் சங்கிலியாகிவிடும். 1000ஐத் தாண்டியதும் `RecursionError` என்று நின்றுவிடும்.

இன்னொன்று, சுற்றுப்பாதை உள்ள அமைப்புக்கு இது பொருந்தாது. எமது மெற்றோவில் பச்சைப் பாதையும் செம்மஞ்சள் பாதையும் பெர்ரி-யூக்காம், லியோனல்-குரூ என இரண்டு நிலையங்களில் சந்திக்கின்றன. அவ்விரண்டுக்குமிடையே இரு வழிகள் இருப்பதால் அது மரமல்ல. பாதைக்கு ஒரே உச்சி என்ற நமது காரணம் அங்கே நில்லாது.

பயிற்சி: நமது மரத்தில் இயின் கீழ் ஒன்று, அதன் கீழ் இன்னொன்று என இரு கணுக்களைச் சேருங்கள். ஒவ்வொரு கணுவிலும் இரு உயரங்களையும் எழுதி, புதிய விட்டம் என்ன, அப்பாதையின் உச்சி எது என்று காணுங்கள். விடை 7, உச்சி அ.