வீட்டுப் பாடத் திட்டமும் மூன்று பத்திகளும்

நம் தோட்டத்து மாணவர் நால்வருக்கு மாலை வேளையில் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கும் முன்னாள் மாணவி ஒருவர், தாம் எழுதிய வாரத் திட்டத்தை நம்மிடம் கொண்டு வந்து காட்டினார். நால்வரும் மூன்றாம் ஆண்டில் பயில்பவர்கள். திங்கள் முதல் வியாழன் வரை, இரவு 7.30 முதல் 8.30 வரை பாடம். திட்டம் இரண்டு பக்கங்களுக்குக் கட்டுரை போல் அழகாக எழுதப்பட்டிருந்தது. எனினும், "ஐயா, எவ்வளவு முயன்றும் பாடம் முடிவதில்லை, ஒரு பையன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான்" என்று அவர் வருந்தினார்.

திங்கட்கிழமைக்குரிய பகுதி இவ்வாறிருந்தது: "சென்ற வாரப் பாடத்தை மீட்டுணரச் செய்து, நீட்டலளவையை விளக்கி, பொருள்களை அளக்கச் செய்து, பயிற்சிகள் கொடுத்து, அவற்றைத் திருத்தி, நேரமிருப்பின் வாசிப்பும் நடத்தப்படும்."

படிக்கும்பொழுது குறையேதும் தோன்றவில்லை அல்லவா? ஒரே வாக்கியத்தில் ஆறு வேலைகள் அடங்கியிருப்பதை அதன் ஓட்டம் மறைத்துவிடுகின்றது. ஆகவே, அதனை அட்டவணையாக மாற்றிப் பார்க்கலாம் என்றோம்.

முதலில் வினைச்சொற்களின் கீழ்க் கோடிடச் சொன்னோம். அவை நடவடிக்கைப் பத்திக்கு உரியவை. அடுத்து, ஒவ்வொரு வினைக்கும் எந்தப் பொருள் கையில் வேண்டும் என்று கேட்டோம். அது துணைப்பொருள் பத்தி. நேரத்தை இறுதியில்தான் எழுத வேண்டும். என்ன செய்யப் போகிறோம் என்பது தெரியாமல் நிமிடத்தைக் கணிக்க இயலாது.

அவர் தம் அனுபவத்தின்படி நிமிடங்களைச் சொன்னார். மீட்டுணர்தலுக்கு 10, விளக்கத்திற்கு 15, அளப்பதற்கு 20, பயிற்சிக்கு 20, திருத்தத்திற்கு 10, வாசிப்பிற்கு 15. கூட்டினால் 90 நிமிடம்! கையில் இருப்பதோ 60. வாரந்தோறும் விடுபட்டுப் போனது எது என்பதும் அப்பொழுதே விளங்கிற்று. "நேரமிருப்பின்" என்ற ஒரு சொல்லின் பின்னே வாசிப்பு நின்றுகொண்டிருந்தது. நான்கு நாள்களின் குறிப்பிலும் அது கடைசியிலேயே இருந்தது. அப்பையன் கணக்கில் தவறியதற்கும் வினாவை வாசிக்க இயலாமையே காரணம் என்று அம்மாணவியே பின்னர்க் கண்டறிந்தார்.

துணைப்பொருள் பத்தி மற்றொன்றைக் காட்டிற்று. அளப்பதற்கு ஒரே ஒரு தையல் நாடா. அளக்க வேண்டியவர்களோ நால்வர். ஒருவர் அளக்க மூவர் வேடிக்கை பார்த்தால் 20 நிமிடமும் வீணாகும். எனவே இருவர் நாடாவால் மேசையையும், இருவர் அடிக்கோலால் புத்தகத்தையும் அளந்து, 10 நிமிடத்தில் இடம் மாறுவதென முடிவாயிற்று. தையல் நாடாவின் ஒரு பக்கம் அங்குலத்தில் இருக்கும். 92 சென்டிமீட்டர் நீள மேசையைப் பிள்ளை 36 என்று படித்தால், அவன் தவறாக அளக்கவில்லை. நாடாவைப் புரட்டிப் பிடித்திருக்கிறான். இதையும் அப்பத்தியிலேயே குறிக்கச் செய்தோம். விளக்கத்திற்குத் தனி நேரம் வேண்டாம், அளக்கும்பொழுதே சொல்லலாம் என்றும், பத்துக் கணக்கிற்குப் பதில் ஐந்து போதும் என்றும் தீர்மானித்த பின் திங்கட்கிழமை இவ்வாறு அமைந்தது:

| நேரம் | நடவடிக்கை | துணைப்பொருள் |
|---|---|---|
| 7.30–7.45 | மாணவர் ஒவ்வொருவராக உரக்க வாசித்தல் | வாசிப்பு நூல் 4 |
| 7.45–7.50 | சென்ற வார வினாக்கள் இரண்டிற்கு விடை கூறுதல் | வினா அட்டை 2 |
| 7.50–8.10 | இருவர் இருவராக அளந்து எழுதுதல் | தையல் நாடா 1 (சென்டிமீட்டர் பக்கம்), அடிக்கோல் 2 |
| 8.10–8.25 | ஐந்து கணக்குகள் செய்தல் | பயிற்சி ஏடு |
| 8.25–8.30 | ஏட்டை மாற்றித் திருத்துதல் | சிவப்புப் பேனா |

நடவடிக்கைப் பத்தியில் "விளக்குதல்", "கற்பித்தல்" என்னும் சொற்கள் இல்லாமையைக் காணலாம். அவை ஆசிரியர் செய்வன. பிள்ளை என்ன செய்யும் என்று எழுதினால்தான், அது நடந்ததா என்று பின்னர்ச் சொல்ல முடியும்.

அட்டவணையால் ஆகாததும் ஒன்றுண்டு. ஏன் இந்தப் பாடம், யாருக்கு எது கடினம் என்பவற்றை அதன் கட்டங்கள் ஏற்கா. ஆதலால் மேலே ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும்: "பாட முடிவில் மாணவர் சென்டிமீட்டரில் அளந்து எழுதுவர்." கட்டங்களை மூன்று, நான்கு நிமிடத் துண்டுகளாக நறுக்குவதும் தவறே; பிள்ளைகள் ஏட்டை எடுத்து விரிப்பதற்குள் அந்நேரம் ஓடிவிடும்.

தாளில் கோடிடும்போது மூன்று பத்திகளையும் சம அகலமாக விட வேண்டா. 16 சென்டிமீட்டர் அகலமுள்ள தாளில் நேரத்திற்கு 3, நடவடிக்கைக்கு 8, துணைப்பொருளுக்கு 5 என்று விட்டால் எழுத்து நெருக்குண்ணாது.

பாடம் முடிந்ததும், நடந்த வரிசைக்கு நேரே பென்சிலால் ஒரு சரி அடையாளம் இட வேண்டும். ஒரே வரிசை இரண்டு வாரம் அடையாளமின்றி நின்றால், நிமிடக் கணிப்பு பிழை என்று கொள்ளலாம். அம்மாணவி நான்கு வாரத் தாள்களை மீண்டும் கொண்டு வந்தார். வாசிப்பு வரிசையில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. திருத்தத்திற்கான 5 நிமிடந்தான் பல நாள் வெறுமையாக இருந்தது. அதற்கு 10 நிமிடம் கொடுத்து, கணக்கை நான்காகக் குறைத்து, அன்றே புதிய தாளில் கோடிட்டோம்.