பொரியா, சுண்டலா? - நூறு கிராம் கணக்கு

(மூன்றாமாண்டு, வேதியியல்)

உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் எல்லோரும் ஏதேனும் ஒரு நாள் கேட்கும் கேள்வி, "மாலையில் எதைத் தின்றால் கனக்காது?" என்பதாகும். இக்கேள்விக்கு விடை சொல்ல நம் கையில் ஓர் எளிய கருவி உண்டு. அதுதான் நூறு கிராம் உணவில் அடங்கியுள்ள ஆற்றலின் அளவு. உணவு அட்டவணைகளும் கடைப் பொட்டலங்களின் பின்புறமும் ஆற்றலை இந்த அளவில்தான் குறிக்கின்றன. கருவி நல்லதுதான். ஆனால் பிடிக்கத் தெரியாமல் பிடித்தால் அது நம்மைத் தவறான தட்டின் முன் உட்கார வைத்துவிடும். நம் ஊரில் எல்லோரும் அறிந்த பொரியையும் கொண்டைக்கடலைச் சுண்டலையும் வைத்து இதை விளக்க விரும்புகிறேன்.

அட்டவணை சொல்வது

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1971 ஆம் ஆண்டு வெளியிட்ட அட்டவணையில், நூறு கிராம் அரிசிப் பொரியில் புரதம் 7.5 கிராம், கொழுப்பு 0.1 கிராம், மாவுப்பொருள் 73.6 கிராம் எனக் காண்கிறோம். நூறு கிராம் கொண்டைக்கடலையில் புரதம் 17.1, கொழுப்பு 5.3, மாவுப்பொருள் 60.9 கிராம்.

இவற்றை ஆற்றலாக மாற்றும் வழியை அமெரிக்க வேதியியலார் ஆட்வாட்டர் வகுத்துத் தந்தார். ஒரு கிராம் புரதத்துக்கு 4, மாவுப்பொருளுக்கு 4, கொழுப்புக்கு 9 கிலோகலோரி என்று கொள்ள வேண்டும். பேச்சு வழக்கில் கலோரி என்று நாம் சொல்வது இந்தக் கிலோகலோரியைத்தான். நானும் அவ்வாறே எழுதுகிறேன். இனிப் பெருக்கிப் பாருங்கள். பொரிக்கு 30, 0.9, 294.4 ஆகியவற்றைக் கூட்ட 325 கலோரி வருகிறது. கடலைக்கு 68.4, 47.7, 243.6 ஆகியவற்றைக் கூட்ட 360 கலோரி வருகிறது.

பொரி 325, கடலை 360. ஆகவே பொரியே இலேசானது என்று பலரும் இந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். அது அவலை நினைத்து உரலை இடித்த கதையாக முடியும். ஏனென்றால் அட்டவணையிலுள்ளது கடையில் வாங்கும் காய்ந்த கடலை. அதை யாரும் அப்படியே தின்பதில்லை.

தண்ணீரின் வேலை

கடலையை இரவில் ஊறவைத்து, காலையில் வேகவைத்து, நீரை வடித்து, எங்கள் வீட்டுத் தராசில் நிறுத்தேன். 100 கிராம் காய்ந்த கடலை 215 கிராமாகியிருந்தது. கூடிய 115 கிராமும் தண்ணீர். தண்ணீருக்குக் கலோரி கிடையாது. ஆகவே முன்பிருந்த அதே 360 கலோரி இப்போது 215 கிராமில் பரவியிருக்கிறது. 360ஐ 215ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 167 வரும். வெந்த கடலை நூறு கிராமுக்கு 167, பொரி நூறு கிராமுக்கு 325. சற்று முன் தோற்ற கடலை இப்போது ஏறக்குறையப் பாதியில் நிற்கிறது.

எனவே முதல் விதி இது: இரண்டு பண்டங்களையும் வாயில் போடும் நிலையில் வைத்தே ஒப்பிட வேண்டும். காய்ந்ததை வெந்ததோடு ஒப்பிட்டால், நாம் ஒப்பிடுவது உணவையல்ல, தண்ணீரையே.

அட்டவணை விஷயத்தில் இன்னும் ஓர் எச்சரிக்கை. இரண்டு எண்களும் ஒரே அட்டவணையிலிருந்து எடுக்கப்பட வேண்டும். இந்நிறுவனமே 2017இல் புதிய அட்டவணை ஒன்றை வெளியிட்டது. அதில் ஆற்றல் கிலோஜூலில் தரப்பட்டுள்ளது. ஒரு கலோரி 4.184 கிலோஜூல் என்பதை மறந்து எண்ணை மட்டும் பார்த்தால், நான்கு மடங்கு கனமான பண்டமாகத் தோன்றும். கலோரியாக மாற்றிய பின்னும் கடலைக்கு 300க்குக் குறைவாகவே வரும். கடலை மாறிவிடவில்லை. பழைய முறை நார்ப்பொருளில் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்தது. எஞ்சிய நார் மாவுப்பொருளோடு சேர்ந்து எண்ணப்பட்டது. புதிய முறை நார்ப்பொருள் முழுவதையும் பிரித்துவிடுகிறது. ஆகையால் பழைய பொரியோடு புதிய கடலையை ஒப்பிடுதல் தகாது. இக்கட்டுரையில் பழைய அட்டவணையையே தொடர்கிறேன்.

தாளிப்பும் துணைப் பண்டமும்

வெந்த கடலை இன்னும் சுண்டலாகவில்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி 100 கிராம் கடலைக்குத் தாளிக்க இரண்டு தேக்கரண்டி எண்ணெயும், மேலே தூவ 20 கிராம் தேங்காய்த் துருவலும் சேரும். எண்ணெய் 10 கிராம், முழுதும் கொழுப்பு, ஆகவே 90 கலோரி. தேங்காய் நூறு கிராமுக்கு 444, ஆகவே 20 கிராமுக்கு 89. எல்லாம் சேர்ந்து 539 கலோரி, எடை 245 கிராம். நூறு கிராம் சுண்டலுக்கு 220 ஆகிறது. எண்ணெயையும் தேங்காயையும் பாதியாக்கினால் 449 கலோரி, 230 கிராம், அதாவது நூறு கிராமுக்கு 195. கடுகு, மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றின் கணக்கு மிகச் சிறியது, விட்டுவிடலாம்.

பொரிக்கும் இதே நியாயம் பொருந்தும். வெறும் பொரியைத் தின்பவர் சிலரே. என் தாயாருக்கு முழங்கால் வலி. உடல் எடையைக் குறைத்தாலன்றி வலி குறையாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா மாலையில் வடையை விட்டுவிட்டுப் பொரிக்கு மாறினார். "பொரி வெறும் காத்துதானேடா, எவ்வளவு தின்னா என்ன?" என்பது அவர் வாதம். இரண்டு மாதமாகியும் எடையில் மாற்றமில்லை.

ஒரு மாலை, அம்மாவின் அனுமதியோடு, கிண்ணத்தில் உள்ளதைப் பிரித்து நிறுத்தேன். பொரி 45 கிராம், அதோடு வறுத்த வேர்க்கடலை 30 கிராம். பொரிக்கு 146 கலோரி. வறுத்த வேர்க்கடலை நூறு கிராமுக்கு 570, ஆகவே 30 கிராமுக்கு 171. மொத்தம் 317 கலோரி. எடையில் பாதியைக்கூட எட்டாத வேர்க்கடலை, ஆற்றலில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்தக் கலவையை நூறு கிராமுக்குக் கணக்கிட்டால் 423. அட்டவணையில் கண்ட 325 எங்கே, கிண்ணத்திலிருந்த 423 எங்கே!

நூறு கிராம் என்பது எவ்வளவு?

இதுவரை சுண்டல் வென்றதாகத் தோன்றும். ஆனால் பொரியின் தரப்பிலும் நியாயம் உண்டு. 200 மில்லிலிட்டர் பிடிக்கும் எங்கள் வீட்டுத் தம்ளரில் பொரியை நிரப்பி நிறுத்தால் 12 கிராம்தான் வருகிறது. நூறு கிராம் பொரி வேண்டுமானால் எட்டுத் தம்ளர் அளக்க வேண்டும். அவ்வளவையும் ஒரே மாலையில் ஒருவர் தின்பது அரிது. அதே தம்ளரில் வெந்த கடலை 135 கிராம் பிடித்தது. ஒரு தம்ளர் பொரி 39 கலோரி, ஒரு தம்ளர் வெந்த கடலை 225 கலோரி. எடைக்கு எடை பார்த்தால் சுண்டல் இலேசு. தம்ளருக்குத் தம்ளர் பார்த்தால் பொரி இலேசு. இரண்டும் உண்மையே.

ஆகவே இரண்டாம் விதி: நூறு கிராம் எண் முடிவல்ல, வழிதான். நாம் உண்மையில் தின்னும் அளவை நிறுத்து, அதை நூறு கிராம் எண்ணால் பெருக்கி, நூறால் வகுத்த பின்னரே தீர்ப்பு.

எந்த அளவு தின்கிறோம் என்பதைப் பசி தீர்மானிக்கிறது. வேர்க்கடலையை நீக்கி, 25 கிராம் பொரியில் வெங்காயம், வெள்ளரி, எலுமிச்சைச் சாறு சேர்த்து அம்மாவுக்குச் சில நாள் கொடுத்தோம். பொரியின் கணக்கு 81 கலோரி. காய்களால் கூடுவது சொற்பம். கணக்கு மிக அழகாக இருந்தது. ஆனால் அந்தப் பொரியில் புரதம் 2 கிராம்கூட இல்லை, நாரும் குறைவு. நான்கு மணிக்குத் தின்றது ஆறு மணிக்குத் தாங்கவில்லை. அம்மா ஒரு கை மிக்சர் எடுப்பார். நிறுத்தால் 30 கிராம். பொட்டலத்தில் நூறு கிராமுக்கு 520 என்றிருந்தது. ஆகவே 156. எல்லாம் சேர்ந்து 237.

பிறகு எண்ணெயும் தேங்காயும் பாதியாக்கிய சுண்டல் நூறு கிராம் கொடுத்தோம். 195 கலோரி. அதில் புரதம் 7 கிராமுக்கு மேல் உண்டு, நாரும் நீரும் உண்டு, மென்று தின்ன நேரமும் பிடிக்கும். இரவு எட்டு மணிச் சாப்பாடு வரை அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. தனித்துப் பார்த்தால் 81 கலோரிப் பொரியே இலேசு. மாலை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 195 கலோரிச் சுண்டல்தான் இலேசு. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கே என்றிருக்கும் வீட்டில் இந்தத் தீர்ப்பு மாறலாம். அங்கே காய் கலந்த பொரியே போதும்.

பலன் எவ்வளவு?

317லிருந்து 195க்கு வந்தால் நாளொன்றுக்கு 122 கலோரி மிச்சம். முப்பது நாளில் 3,660. உடல் கொழுப்பு ஒரு கிலோவுக்குத் தோராயமாக 7,700 கலோரி என்பார்கள். ஆகவே மற்ற உணவும் நடமாட்டமும் மாறாதிருந்தால் மாதத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே இறங்கும். இது பெரிய தொகையல்ல. நீர் கூடிக் குறைவதாலேயே ஒரே நாளில் உடல் எடை இதைவிட அதிகமாக ஏறி இறங்கும். எனவே வாரம் ஒருமுறை, காலையில் உண்பதற்கு முன், ஒரே தராசில் நின்று எழுதிவைத்து, நான்கு வாரங்களை ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். அப்படி எழுதியதில் மூன்று மாதத்தில் அம்மாவின் எடை ஒன்றரைக் கிலோ குறைந்தது. முழங்கால் வலி முழுதும் நீங்கவில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் முன்போல் நின்று நின்று ஏறுவதில்லை.

இவ்வாறு ஒப்பிட்டுப் பார்க்க விழையும் மாணவ நண்பர்களுக்குத் தேவைப்படுவது ஒரு சமையலறைத் தராசும் ஒரே அட்டவணையும்தான். பண்டம் வெந்த பின் நிறுங்கள். எண்ணெயை ஊற்றும் முன்பே அளந்துவிடுங்கள், பிறகு அளக்க வழியில்லை. கூடச் சேரும் வேர்க்கடலையையும் தேங்காயையும் தனியாக எழுதுங்கள். கடைசியாக, அந்தப் பண்டத்துக்குப் பின் அடுத்த வேளைவரை வேறு என்ன தின்றீர்கள் என்பதையும் அதே வரியில் சேர்த்துக் கூட்டுங்கள்.