கல்யாணப் பத்திரிகையில் ஜோடியின் ஓவியமா? சில குறிப்புகள்

காளப்பநாயக்கன்பட்டி, கொல்லிமலை அடிவாரத்து ஊர். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளிக்குப் போகிறவர்கள் இதைக் கடந்துதான் மலையேற வேண்டும். இந்த ஊர் வீடு ஒன்றில் கல்யாணம், பத்திரிகையின் முகப்பில் மலை பின்னணியில் பெண்ணும் மாப்பிள்ளையும் வாட்டர் கலரில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஃபோட்டோவைக் கொடுத்துக் கையால் வரைந்து வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை:

1. ஓவியருக்குத் தேவை முகத்தில் விழும் வெளிச்சமும் நிழலும்தான். ஃப்ளாஷ் போட்டால் நிழல் போய்விடும், மூக்கும் தாடையும் தட்டையாகிவிடும். காலையில் திண்ணையிலோ ஜன்னல் பக்கமோ நிற்கவைத்து, ஏழெட்டு அடி தள்ளி நின்று, கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். சருமத்தை வெளுப்பாக்கும் ஃபில்டர் வேண்டாம். மாநிறத்தை மாநிறமாகவே வரையச் சொல்லுங்கள். சாயல் அதில்தான் நிற்கிறது.

2. நிச்சயத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து எடுத்த படம் பல வீடுகளில் இருக்காது. தனித்தனியாக எடுப்பதானால், இரண்டு படத்திலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரட்டும், கேமரா ஒரே உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் ஒட்டவைத்ததுபோல் இருக்கும். இருவரின் உயரத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

3. செல்ஃபி பல போன்களில் இடவலம் மாறிப் பதிவாகும். முந்தானை வலது தோளில் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். மச்சமும் வகிடும்கூட இடம் மாறியிருக்கும். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

4. முழு உருவமா, இடுப்புவரையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பத்திரிகை 5 அங்குல அகலம், 7 அங்குல உயரம், அதில் ஓவியத்துக்கு 4 அங்குல உயரம் என்றால், முழு உருவத்தில் தலை அரை அங்குலம்தான் வரும். அந்த அளவில் கண்ணும் சிரிப்பும் புள்ளியாகிவிடும், யார் என்றே தெரியாது. இடுப்புவரை வரைந்தால் தலை ஓர் அங்குலத்துக்கு மேல் கிடைக்கும். ஓவியம் அச்சாகும் அளவைப்போல் இரண்டு மடங்கில் வரையப்படட்டும். சுருக்கும்போது கோடுகள் சுத்தமாகும்.

5. வண்ணம் பூசுமுன் பென்சில் ஸ்கெட்ச்சைக் கேட்டு வாங்கி, வீட்டில் எல்லோரும் பாருங்கள். வாட்டர் கலர் காய்ந்தபின் முகத்தைத் திருத்துவது கஷ்டம். பெண் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று பெரியவர்களைக் கேளுங்கள். பார்த்து வரைய வேறு கல்யாணப் படத்தைக் கொடுத்திருந்தால், கழுத்தில் தாலியும் காலில் மெட்டியும் வந்துவிடவில்லையே என்றும் பாருங்கள். பத்திரிகை முகூர்த்தத்துக்கு முன்னால் போகிறது அல்லவா!

6. மலை என்றதும் முக்கோணமாக வரைந்துவிடுவார்கள். கொல்லிமலை கூம்பு அல்ல, மேலே பரந்து கிடக்கும் மலை. ஊரிலிருந்து தெரியும் விளிம்பை ஒரு படம் எடுத்துக் கொடுங்கள். மலையை வெளிறிய நீலத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். கரும்பச்சை பூசினால் பெண்ணின் கூந்தல் அதில் கலந்துவிடும்.

7. பலர் ஏமாறுவது மல்லிகைப்பூவிலும் ஜரிகையிலும்தான். வாட்டர் கலரில் பூவின் வெள்ளை என்பது பெரும்பாலும் வண்ணம் படாமல் விட்ட காகிதம். சாதாரண ஆஃப்செட் அச்சில் வெள்ளை மை கிடையாது. ஆகவே சந்தன நிற அட்டையில் அடித்தால் மல்லிகை சந்தன நிறமாகும், மாப்பிள்ளையின் வேட்டியும் மங்கும். வெள்ளை அட்டையே எடுங்கள். ஓவியத்தில் தங்க வண்ணம் பூசினால் அச்சில் அது அழுக்குப் பழுப்பாக வரும். ஜரிகையை மஞ்சளும் பழுப்புமாக வரைந்துவிட்டு, மினுமினுப்பு வேண்டிய இடத்தில் பிரஸ்ஸில் கோல்டு ஃபாயில் தனியாக ஒட்டிக்கொள்ளலாம்.

8. ஓவியத்தைப் போனில் படம் எடுத்துப் பிரஸ்ஸுக்கு அனுப்ப வேண்டாம். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். திரையில் பளபளக்கும் கிளிப்பச்சையும் ராணிப்பிங்கும் அச்சில் அடங்கிவிடும். மொத்தமும் அடிக்குமுன் அதே அட்டையில் ஒரு மாதிரி வாங்கி, டியூப்லைட்டில் அல்ல, வெயில் வெளிச்சத்தில் பாருங்கள்.

9. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ இடம் விடுங்கள். ஓவியம் மூலைவரை ஓடினால் மஞ்சள் கறை முகத்துக்குப் பக்கத்தில் விழும். லேமினேஷன் செய்த அட்டையில் மஞ்சள் பிடிக்காமல் வழியும். அந்த மூலைக்குக் குழைத்த மஞ்சள் கெட்டியாக இருக்கட்டும்.

10. மூல ஓவியத்தைப் பிரஸ்ஸில் விட்டுவராதீர்கள். கண்ணாடி ஓவியத்தில் ஒட்டாதபடி நடுவே அட்டைச் சட்டம் வைத்து ஃபிரேம் போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். வெயிலில் முதலில் போவது பெரும்பாலும் சிவப்பும் இளஞ்சிவப்பும்தான்.