மருத்துவருக்கும் அம்மாவுக்கும் நடுவே
மனநலப் பரிசோதனையில் மொழிபெயர்ப்பவர் கவனிக்க வேண்டியவை

ஊரில் தனியாக இருந்த தாயையோ தந்தையையோ டில்லிக்கோ பம்பாய்க்கோ அழைத்து வந்து வைத்துக் கொள்வது நம் குடும்பங்களில் வழக்கம். அவர்களுக்கு மனநல மருத்துவரிடம் போக வேண்டி வந்தால், மருத்துவர் இந்தியில் கேட்பார், பெரியவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். நடுவில் மகனோ மருமகளோ உட்கார்ந்து மொழிபெயர்ப்பார்கள். காய்ச்சல், வயிற்றுவலி என்றால் இதனால் பெரிய கெடுதல் இல்லை. இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் இருக்கின்றன. மனநல மருத்துவருக்கோ நோயாளியின் பேச்சுதான் முக்கியமான பரிசோதனை. பேசும் வேகம், ஒரு பேச்சிலிருந்து அடுத்ததற்குப் போகும் விதம், நம்பிக்கைகள், காதில் கேட்பவை, நாள், கிழமை பற்றிய தெளிவு, ஞாபகம் ஆகியவற்றை அவர் வரிசையாகப் பார்ப்பார். இதற்கு மனநிலைப் பரிசோதனை என்று பெயர். மொழிபெயர்ப்பில் பேச்சு மாறினால் பரிசோதனையின் முடிவும் மாறிவிடும்.

1979-ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் லூயிஸ் மார்கோஸ், இப்படி மொழிபெயர்த்து நடந்த பேட்டிகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து எழுதினார். பிழைகளுக்கு மூன்று காரணங்களை அவர் கண்டார். மொழிபெயர்ப்பவருக்கு மொழித்திறன் போதாமை ஒன்று. மனநோய் பற்றி அவருக்குத் தெரியாமை மற்றொன்று. நோயாளியிடமோ மருத்துவரிடமோ அவருக்கு உள்ள மனப்பான்மை மூன்றாவது. நம் வீடுகளில் முதலாவதைவிட மற்ற இரண்டுமே அதிகம் வேலை செய்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த 68 வயது அம்மாள் என்று வைத்துக் கொள்வோம். கணவர் காலமாகி ஓராண்டு ஆகிறது. சில வாரங்களாகத் தூக்கமில்லை, தனக்குள் பேசிக் கொள்கிறார். மகன் மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்.

"பக்கத்தில் யாரும் இல்லாதபோது யாராவது பேசுவது காதில் கேட்கிறதா?" என்று மருத்துவர் கேட்கிறார். மகன் கூச்சத்தில், "ஏம்மா, பேய் பிசாசு மாதிரி ஏதாவது கேக்குதா உனக்கு?" என்கிறார். அம்மாள், "சீச்சீ, அதெல்லாம் ஒண்ணுமில்லே" என்று சொல்ல, விடை "இல்லை" என்று பதிவாகிறது. மருத்துவர் கேட்ட கேள்வி அம்மாளின் காதுக்குப் போகவே இல்லை.

சற்று நேரத்தில் அம்மாள் தாமாகவே சொல்கிறார்: "மாடிப்படியிலே ரெண்டு பேர் என்னைப் பத்தியே பேசிக்கிறாங்க. குழாயை மூடலேன்னு சொல்றாங்க. எங்க ஊர்க் கிணறு தூர்ந்து போச்சு. தூர்ந்ததைத் தூக்கிட்டுப் போறாங்க, தூக்கமே வரலே." மகன் இதை, "படியில் ஆட்கள் பேசுவதால் தூக்கம் கெடுகிறது, ஊர் ஞாபகமும் வருகிறது" என்று ஒழுங்காக்கிச் சொல்கிறார். அம்மாவைக் காப்பாற்றும் எண்ணம்தான். ஆனால் இரண்டு முக்கியமான செய்திகள் காணாமல் போயின. இரண்டு குரல்கள் அவரைப் பற்றியே பேசுகின்றன என்பது ஒன்று. 'தூர்ந்தது, தூக்கி, தூக்கம்' என்று பொருளால் அல்லாமல் ஒலியால் பேச்சு தாவுகிறது என்பது இன்னொன்று. சாதாரணத் துக்கமா, வேறு நோயா என்று பிரித்துப் பார்க்க மருத்துவர் தேடுவது இவற்றைத்தான்.

இந்த இடத்தில் சரியான முறை, சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே கொடுத்துவிட்டு, "இந்த வாக்கியங்களுக்குள் தொடர்பு இல்லை. தமிழில் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்" என்று தனியாகத் தெரிவிப்பதுதான். படியில் உண்மையிலேயே ஆட்கள் நின்று பேசுவதுண்டா, அம்மாளுக்குக் காது மந்தமா என்பவற்றை மருத்துவர் பிறகு கேட்டுக் கொள்வார்.

மாறாக, இல்லாத நோயை உண்டாக்குவதும் நடக்கும். "இன்னிக்கு என்ன தேதி?" என்ற கேள்விக்கு அம்மாள், "ஐப்பசி மாசம், அமாவாசை போய் நாலு நாள்" என்கிறார். மகன் "தேதி தெரியவில்லை" என்று சொல்லிவிட்டால், நினைவு தடுமாறுகிறது என்று மருத்துவர் எண்ணலாம். தமிழ் நாட்காட்டியைப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். ஞாபகத்தைச் சோதிக்க மூன்று சொற்கள் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்கும்போது இன்னொரு ஆபத்து உண்டு. "அதாம்மா, பூ மாதிரி ஒண்ணு" என்று எடுத்துக் கொடுத்தால் சோதனை பாழ்.

சாவைப் பற்றிய கேள்வியில்தான் மிகுந்த கவனம் வேண்டும். "நீ அப்படியெல்லாம் நினைக்கலையேம்மா?" என்று கேட்டால் "இல்லை" என்ற ஒரு விடைதான் வரும். அம்மாள், "எமன் எனக்கு மட்டும் வழி தெரியாம திரியறான்" என்றால், அதை அப்படியே மொழிபெயர்த்து, வயதானவர்கள் சலிப்பில் இப்படிச் சொல்வதுண்டு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாமாக உயிரை விட எண்ணினாரா என்று மருத்துவர் அடுத்துக் கேட்பார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அந்தக் கேள்வியை விழுங்கினால்தான் ஆபத்து.

உள்ளே போகுமுன்

மருத்துவரிடம் ஐந்து நிமிடம் தனியாகக் கேளுங்கள். இன்று அவர் என்னென்ன கேட்கப் போகிறார், எந்தக் கேள்வி சங்கடமாக இருக்கும், எந்தச் சோதனையில் உதவக் கூடாது என்று தெரிந்து கொள்ளுங்கள். பழமொழிக்குப் பொருள் கேட்பதாக இருந்தால் இந்திப் பழமொழியை மொழிபெயர்த்துப் பயனில்லை. அம்மாளுக்குப் பழக்கமான தமிழ்ப் பழமொழி ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்துக் கொள்ளலாம். பெரியவரிடமும், "நீ சொல்றதை எல்லாம் அப்படியே டாக்டர்கிட்டே சொல்வேன்" என்று தெரிவித்துவிடுங்கள்.

வீட்டாருக்குச் சொல்ல வேண்டியவையும் இருக்கும். தூக்கம், சாப்பாடு, எப்போது தொடங்கியது என்பவற்றை வேறொரு நேரத்தில் உங்கள் சொல்லாகவே சொல்லுங்கள். மொழிபெயர்க்கும்போது அவற்றை இடையில் நுழைக்காதீர்கள். முடிந்தால் இரண்டு பேர் போவது நல்லது. ஒருவர் வீட்டு விவரம் சொல்ல, மற்றவர் மொழிபெயர்க்கலாம். மருத்துவமனையில் தமிழ் தெரிந்த நர்ஸ் இருந்தால் அவரே மேல். மாமியாருக்கும் மருமகளுக்கும் மனத்தாங்கல் இருக்கும் வீட்டில் மருமகள் மொழிபெயர்க்கக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை இதற்கு உட்கார வைக்கவே கூடாது. தெரிந்த தமிழர் ஒருவரை அழைத்தால், கேட்டதை நம் வட்டாரத்தில் வெளியிடுவதில்லை என்ற வாக்கைப் பெற்றுக் கொள்ளுங்கள்.

உள்ளே

மூவரும் முக்கோணமாக உட்கார வேண்டும். மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசினால், கண்ணீரும் பார்வையும் அவருக்கு நேராகத் தெரியும். ஒன்றிரண்டு வாக்கியம் முடிந்ததும் கையைக் காட்டி நிறுத்தி மொழிபெயருங்கள். ஐந்து நிமிடப் பேச்சை மூன்று சொல்லில் சுருக்கினால் ஏதோ விட்டுப் போயிற்று என்று மருத்துவர் புரிந்துகொண்டு திரும்பக் கேட்க வேண்டும். "அம்மா பயப்படுகிறார்" என்று சொல்லாமல், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று நோயாளியின் வாயாகவே சொல்லுங்கள். நோயாளி பேசாமல் இருந்தால் அந்த மௌனத்தை நிரப்பாதீர்கள். விடை வர எடுக்கும் நேரமும் பரிசோதனையில் ஒரு பங்கு. நோயாளி நிறுத்தாமல் கொட்டித் தீர்த்தால் மருத்துவர் சிறிது நேரம் குறுக்கிடாமல் கவனிக்கட்டும். பிறகு உங்களால் இயன்றதைச் சொல்லி, "இதில் பாதி எனக்கே விளங்கவில்லை" என்றும் சொல்லுங்கள். 'மனசு ஒரு மாதிரியா இருக்கு', 'நெஞ்சை அடைக்குது' போன்றவற்றுக்கு நீங்களே ஒரு நோயின் பெயரைச் சூட்டாமல் சொல்லுக்குச் சொல் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் ஆகும். அதற்கேற்ப நேரம் ஒதுக்கும்படி முன்பே கேட்டு வையுங்கள்.

வெளியே வந்த பிறகும் ஐந்து நிமிடம் மருத்துவரிடம் பேசுங்கள். பேச்சு ஊர் வழக்கப்படி இயல்பாக இருந்ததா, குரலும் முகமும் சொல்லோடு ஒத்துப் போயினவா, நீங்கள் எங்கே தடுமாறினீர்கள் என்பவற்றை அப்போது சொல்லலாம்.

சிகிச்சை விவரத்தைத் தமக்குப் புரியும் மொழியில் பெறும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளிக்குத் தந்திருக்கிறது. ஆகவே மருந்தையும் அதன் பக்க விளைவையும் மருத்துவர் சொல்லும்போது அதையும் பெரியவருக்கே தமிழில் சொல்லுங்கள். உங்களுக்குள் இந்தியில் பேசி முடித்துவிட்டு எழுந்து வராதீர்கள்.