90 நாள் தவணைக் கடிதத்துக்கு என்ன பதில்?

நம் ஜமாஅத் சகோதரர் ஒருவர் குறிச்சியில் லேத் பட்டறை வைத்து பம்ப் உதிரிபாகம் செய்கிறார். சரக்கு எடுக்கும் பெரிய கம்பெனி, இனி 90 நாள் கழித்தே பணம் என்று எழுதியது. "ரொம்பக் கஷ்டம், தயவுசெய்து பாருங்கள்" என்று அவர் எழுதி வந்த பதிலை நாங்கள் இப்படி மாற்றினோம்:

"எங்கள் பட்டறை உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில், பதிவு எண் பில்லில் உள்ளது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டப்படி, சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தவணை கூடாது. 45 நாளுக்குச் சம்மதிக்கிறோம். எழுத்தில் உறுதி செய்யக் கோருகிறோம்."

கஷ்டத்தைச் சொன்னால் இரக்கம் இருந்தால்தான் பலன். சட்டக் கெடுவைச் சொன்னால் அவர்களுடைய கணக்குப் பிரிவே யோசிக்கும். கெடு தாண்டி, மார்ச் 31-க்குள்ளும் பணம் தராவிட்டால், அந்தத் தொகையை அவ்வாண்டுச் செலவாகக் கழிக்க வருமானவரிச் சட்டம் விடாது. ஆர்டர் போய்விடுமோ என்ற பயம் இருந்ததால் குற்றம் சாட்டும் சொல் எதையும் வைக்கவில்லை. தாமதத்துக்கு வட்டி கேட்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. நமக்கு அது ஹராம் என்பதால் எழுதவில்லை.

வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தக் கெடு பொருந்தாது. மற்றவர்கள் சரக்கு இறக்கும்போதே டெலிவரி சலானில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். 45 நாளை எண்ண அதுவே ஆதாரம்.