2.57 மடங்கு சம்பளமா?

கேள்வி: தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளராக இருக்கும் என் தம்பிக்கு ஏழாவது ஊதியக் குழுவில் 2.57 மடங்கு சம்பளம் கூடியதாகச் சொல்கிறார்கள். உண்மையா? – வாசகர், திருவையாறு

பதில்: அடிப்படைச் சம்பளம் அப்படி மாறியது உண்மை, கைக்கு வந்த உயர்வு அவ்வளவு இல்லை.

பழைய முறையில் அந்தப் பதவியின் தொடக்கச் சம்பளம் 5,200 ரூபாய், தர ஊதியம் 2,400, மொத்தம் 7,600. அதை 2.57-ஆல் பெருக்கினால் 19,532 ரூபாய். ஊதிய அட்டவணையில் அவருடைய நிலையில் அதற்கடுத்த கட்டம் 20,100. அங்கே சம்பளம் நிர்ணயமாகும்.

ஆனால் 2016 ஜனவரியில் அகவிலைப்படியே 125 சதவீதம். 7,600-உடன் அதைச் சேர்த்தால் 17,100 ரூபாய் முன்பே கிடைத்துவந்தது. 2.57-இல் 2.25 பங்கு இந்தப் பழைய பணம்தான். அகவிலைப்படி அடிப்படையில் கரைந்து, மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. பெருக்கலால் வந்த உண்மையான உயர்வு சுமார் 14 சதவீதம்.

மத்தியக் குழுவின் பரிந்துரை மாநிலத்தைத் தானாகக் கட்டுப்படுத்தாது. தமிழக அரசு அலுவலர் குழு அமைத்து ஆராய்ந்து, 2017 அக்டோபரில் ஆணையிட்டது. சம்பளம் 1.1.2016 முதல் கணக்கில் மட்டும் திருத்தப்பட்டது, பணப்பயன் 1.10.2017 முதல்தான். இடைப்பட்ட 21 மாதங்களுக்கு நிலுவை கிடையாது.

அடுத்த குழு வரும்போது பெருக்கும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அன்றைய அகவிலைப்படியைக் கழித்து, பணப்பயன் தொடங்கும் தேதியையும் பாருங்கள்.