முறைப்பாட்டுக் கடிதம்: சாயம் ஊறிய சேலை

வினா: நீர் வாங்கிய புதிய சேலையின் கரைச் சாயம் முதற் கழுவலிலேயே உடற்பகுதியில் ஊறிவிட்டது. இதுபற்றிப் புடவைக்கடை முகாமையாளருக்கு முறைப்பாட்டுக் கடிதம் ஒன்று எழுதுக.

மாணவர்களே, இவ்வினாவுக்கு விடையெழுதும் பலர் "சேலையின் சாயம் போய்விட்டது" என ஒரே வசனத்தில் முடித்துவிடுகின்றனர். சாயம் வெளிறுதல் வேறு, ஊறிப் படிதல் வேறு. முன்னையதில் நிறம் மங்கும். பின்னையதில் ஓரிடத்துச் சாயம் இன்னோரிடத்தில் கறையாகும். நிகழ்ந்தது எது என்பதைக் கடைக்காரர் சேலையைப் பார்க்காமலே விளங்கிக்கொள்ளுமாறு எழுதுதல் வேண்டும்.

சாயம் ஏன் ஊறுகிறது? சாயமிட்டபின் இழையோடு பிணையாமல் நிற்கும் மிகைச் சாயத்தை நன்கு அலசி நீக்க வேண்டும். கடும் சிவப்பு, அரக்கு போன்ற நிறங்களில் அந்த அலசல் குறைந்தால், துணி நனையும்போது மிகைச் சாயம் நீரோடு கசிந்து அருகிலுள்ள வெளிர்நிற நூலில் ஏறும். ஆனால் கடைக்காரர் பெரும்பாலும் சொல்லும் பதில், "நீங்கள் சுடுநீரில் ஊறவைத்திருப்பீர்கள்" என்பதே. ஆகவே எவ்வாறு கழுவினீர் என்பதையும், குறை கழுவலால் வந்ததன்று என்பதற்கான சான்றையும் கடிதத்திலேயே தருதல் வேண்டும். கீழுள்ள மாதிரியில் அச்சான்று எங்கே உள்ளதெனப் பாருங்கள்.

மாதிரி விடை

இல. 14, கோவில் வீதி,
கோண்டாவில்.
2024.05.14

முகாமையாளர்,
............... புடவை நிலையம்,
யாழ்ப்பாணம்.

ஐயா,

புதிய சேலையில் கரைச் சாயம் ஊறியமை தொடர்பான முறைப்பாடு

நான் 2024.05.04 சனிக்கிழமை தங்கள் கடையில் அரக்குக் கரையுடன் கூடிய சந்தன நிறப் பருத்திச் சேலையொன்றை ரூபா 7,850 செலுத்தி வாங்கினேன். பற்றுச்சீட்டின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். சாயம் நிற்குமா எனக் கேட்டபோது, தனியே குளிர்நீரில் கழுவினால் போதும் என விற்பனையாளர் கூறினார்.

ஒருமுறை உடுத்தபின், 12ஆந் திகதி அவ்வாறே வேறு துணி சேர்க்காமல், ஊறவைக்காமல், குளிர்நீரில் கழுவி நிழலில் உலர்த்தினேன். எனினும் கரையை ஒட்டி ஏறத்தாழ நான்கு அங்குல அகலத்துக்கு உடற்பகுதி இளஞ்சிவப்பாகிவிட்டது. மடிப்பில் கரை பட்ட இடங்களிலும் கறை படிந்துள்ளது.

சேலையோடு வந்த, இதுவரை நனைக்கப்படாத சட்டைத்துணியிலும் அதே கரை உண்டு. அதன்மேல் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தியபோது அதிலும் அரக்குச் சாயம் ஒட்டியது. எனவே இக்குறை விற்பனையின்போதே இருந்ததென்பது தெளிவு.

இச்சேலையை எனது தங்கையின் திருமணத்துக்கென வாங்கினேன். திருமணம் ஜூன் 9ஆந் திகதி நடைபெறவுள்ளது. ஆதலால் மே 25ஆந் திகதிக்கு முன்னர் குறையற்ற வேறு சேலையைத் தருமாறு, அன்றேல் பணத்தை மீளளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சேலையையும் சட்டைத்துணியையும் நேரில் காட்ட ஆயத்தமாக உள்ளேன்.

நன்றி.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
(கையொப்பம்)

விளக்கம்

மூன்றாம் பந்தியே இக்கடிதத்தின் உயிர். கழுவிய சேலையை வைத்துக் கடைக்காரர் வாதாடலாம். கழுவாத சட்டைத்துணியை வைத்து வாதாட முடியாது. (வீட்டில் இப்படி நேர்ந்தால் சட்டைத்துணியைத் தையலுக்குக் கொடுத்துவிடாதீர்கள். கறைபட்ட சேலையை அழுத்தவும் வேண்டாம். சூடு பட்டால் கறையை எடுப்பது கடினமாகும்.)

"ஏமாற்றிவிட்டீர்கள்", "கள்ள வியாபாரம்" போன்ற தொடர்களைத் தவிர்க்க. சாயமிட்டவர் நெசவாலையில் இருப்பவர். கடைக்காரருக்கும் இக்குறை தெரியாதிருந்திருக்கலாம். "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடிப்பதும் பலவீனமானது. என்ன வேண்டும், எந்நாளுக்குள் வேண்டும் எனக் குறிப்பிடாவிடில் கடிதத்துக்குப் பதிலளிக்க வேண்டிய தேவையே கடைக்காரருக்கு எழாது. திருமணத் திகதி இங்கு அனுதாபத்துக்காக அன்றி, அந்தக் காலக்கெடுவுக்குக் காரணமாகவே வருகிறது.

கடை பதிலளிக்காவிடில் அடுத்த கடிதம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதப்படும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருள் விற்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் அம்முறைப்பாட்டை எழுத்தில் செய்ய வேண்டும். கழுவிய நாளிலிருந்தன்றி வாங்கிய நாளிலிருந்தே காலம் கணிக்கப்படும். எனவே மேலுள்ள சேலைக்கு அது 2024 ஓகஸ்ட் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அக்கடிதத்துடன் பற்றுச்சீட்டின் பிரதியோடு, கடைக்கு எழுதிய இக்கடிதத்தின் பிரதியையும் இணைக்க வேண்டும்.